பிசிஏ படத்தில் நடுவில் நின்றால் கலப்பு என்று அர்த்தமா? ஜீனோடைப் தரவில் வம்சாவளி தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவில் 26 குழுக்களைச் சேர்ந்த 2504 பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒன்றாகப் போட்டு பிசிஏ, அதாவது முதன்மைக் கூறு பகுப்பாய்வு, ஓட்டினால் யார் ஓட்டினாலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வரும். முதல் அச்சு ஆப்பிரிக்கர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும். இரண்டாம் அச்சு ஒரு முனையில் ஐரோப்பியர்களையும் மறுமுனையில் கிழக்காசியர்களையும் வைக்கும். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர் அந்தத் தரவில் உண்டு, STU என்ற பெயரில். அவர்கள் இந்த இரு முனைகளுக்கும் இடையில் வந்து உட்காருவார்கள்.

உடனே ஒருவர் அளவுகோலை எடுத்து, ஐரோப்பிய முனையிலிருந்து இவ்வளவு தூரம், சீன முனையிலிருந்து அவ்வளவு தூரம், ஆகவே இத்தனை சதவீதம் இது, இத்தனை சதவீதம் அது என்று கணக்குப் போட்டுவிடுகிறார். இந்தக் கணக்கு தவறு. ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால் படம் எப்படி உருவாகிறது என்பதைக் கையால் செய்து பார்ப்பதுதான் நல்ல வழி, அதனால் தென்னாசியக் குழுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போவோம். ஐந்து குழுக்கள், மொத்தம் 489 பேர்: ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், லாகூரின் பஞ்சாபிகள், வங்கதேசத்தின் வங்காளிகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள்.

பிசிஏ என்ன செய்கிறது

ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ஸ்னிப், அதாவது டிஎன்ஏவில் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும் இடம். கட்டத்துக்குள் 0, 1 அல்லது 2: அந்த இடத்தில் வரக்கூடிய எழுத்துகளில் குறிப்பிட்ட ஒன்று, அதாவது ஓர் ஆலீல், அவரிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்ற எண்ணிக்கை. இதை அப்படியே பயன்படுத்துவதில்லை. மாதிரியில் அந்த ஆலீலின் விகிதம் p என்றால், ஒவ்வொரு எண்ணும் இப்படி மாற்றப்படுகிறது:

```
(g - 2p) / sqrt(2p(1-p))
```

இப்போது ஒவ்வொரு ஸ்னிப்பும் ஏறக்குறைய சம எடைக்கு வந்துவிடும், சராசரி ஆள் பூஜ்யத்தில் நிற்பார். பிறகு இந்த ஆட்களுக்குள் வேறுபாடு எந்தத் திசையில் மிக அதிகம் என்று தேடி அதை முதல் அச்சாக வைக்கிறது, மிச்சத்தில் எது அதிகமோ அது இரண்டாம் அச்சு, இப்படியே போகிறது.

p என்பது உலகத்தின் விகிதம் அல்ல, நீங்கள் கொடுத்த மாதிரியின் விகிதம். அச்சும் அப்படித்தான். காலம், இடப்பெயர்வு, யார் யாரோடு கலந்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது. பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தரவைத் தயார் செய்வது

பிளிங்க் 2 என்ற நிரல் போதும். கீழே `kg3` என்பது ஆயிரம் ஜீனோம் தரவின் கோப்பு. `sas.id` என்ற கோப்பில் 489 பேரின் அடையாள எண்களை எழுதி வைத்துக்கொண்டு, பாலினக் குரோமோசோம்களை விட்டுவிட்டு, 5 சதவீதத்துக்குக் குறைவான அரிய ஆலீல்களையும் நீக்குங்கள். தரவில் பல ஸ்னிப்களுக்குப் பெயரே இருக்காது, வெறும் புள்ளி மட்டும் இருக்கும், அதனால் இடத்தையும் ஆலீல்களையும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்துவிடுவது நல்லது.

```
plink2 --pfile kg3 --keep sas.id --autosome \
  --snps-only just-acgt --max-alleles 2 --maf 0.05 \
  --set-all-var-ids '@:#:$r:$a' --rm-dup exclude-all \
  --make-pgen --out sas
plink2 --pfile sas --king-cutoff 0.0884 --out sas
```

இரண்டாவது கட்டளை நெருங்கிய உறவினர்களில் ஒருவரை மட்டும் விட்டுவைக்கிறது. 0.0884 என்ற வரம்பு, இரண்டாம் நிலை உறவு வரை, அதாவது தாத்தாவும் பேரனும், சித்தப்பாவும் அவருடைய அண்ணன் பிள்ளையும் என்ற உறவு வரை பிடிக்கும். இதை விட்டுவிட்டால் ஒரு அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு அச்சையே பிடித்துக்கொள்வார்கள். 2504 பேர் கொண்ட பழைய தொகுப்பில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் பின்னால் வந்த 3202 பேர் கொண்ட விரிவான தொகுப்பில் 698 உறவினர்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், 602 குடும்ப மூவர்கள் அதில் முழுமையாக இருக்கிறார்கள். அதை எடுத்தவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

அடுத்தது பக்கத்துப் பக்கத்து ஸ்னிப்களின் பிணைப்பு. குரோமோசோமில் அருகருகே இருப்பவை சேர்ந்தே கடத்தப்படுவதால், ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எண்ணிவிடுவோம். அதைக் கத்தரிக்க வேண்டும். ஆனால் சில இடங்களில் பிணைப்பு பல மில்லியன் எழுத்துகள் நீளத்துக்குப் போகிறது, சாதாரணக் கத்தரிப்பு அங்கே எடுபடாது, அவற்றை மொத்தமாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஜிஆர்சிஎச்37 என்ற மனித ஜீனோம் குறிப்பு வரிசையின் இட எண்களின்படி இவை வழக்கமான பட்டியலில் உள்ளவை, `highld.txt` என்று சேமித்துக்கொள்ளுங்கள்:

```
5 44000000 51500000
6 25000000 33500000
8 8000000 12000000
11 45000000 57000000
```

ஆறாவது குரோமோசோமில் இருப்பது நோய் எதிர்ப்புக்கான எச்எல்ஏ பகுதி. எட்டாவதில் இருப்பது ஒரு தலைகீழ்த் திருப்பம்: அந்தத் துண்டு சிலரிடம் நேராகவும் சிலரிடம் திரும்பியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று மறுசேர்க்கை ஆவது அபூர்வம்.

```
plink2 --pfile sas --keep sas.king.cutoff.in.id \
  --exclude bed1 highld.txt \
  --indep-pairwise 200 50 0.2 --out sas
plink2 --pfile sas --keep sas.king.cutoff.in.id \
  --extract sas.prune.in --freq counts \
  --pca 10 allele-wts vcols=chrom,ref,alt --out sas
```

நான் ஆரம்பத்தில் ஒருமுறை அந்தப் பட்டியலைச் சேர்க்காமல் ஓட்டினேன். நான்காம் அச்சில் ஆட்கள் மூன்று பட்டைகளாக, இடையில் தெளிவான இடைவெளியோடு பிரிந்து நின்றார்கள். மூன்று தனிச் சமூகங்களைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். அது எட்டாவது குரோமோசோமின் திருப்பம்தான்: திரும்பிய துண்டு ஒன்றும் இல்லாதவர்கள், ஒன்று உள்ளவர்கள், இரண்டும் உள்ளவர்கள் என்று மூன்று பட்டை. ஒவ்வொரு ஊர்க்காரரும் மூன்று பட்டையிலும் கலந்திருந்ததைக் கவனித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது நான் எந்த அச்சையும் நம்புவதற்கு முன்னால் `sas.eigenvec.allele` கோப்பில் உள்ள எடைகளைக் குரோமோசோம் வாரியாக வரைந்து பார்க்கிறேன். எடை எல்லா இடத்திலும் பரவியிருந்தால் அது முழு ஜீனோமும் பேசுவது. ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்த ஒரு இடம் மட்டும் பேசுவது, அதற்கும் வம்சாவளிக்கும் சம்பந்தமில்லை.

முதல் அச்சு எத்தனை சதவீதம்?

படத்தின் அச்சில் எழுதும் சதவீதத்தில் ஒரு எளிய பிழை அடிக்கடி நடக்கிறது. `sas.eigenval` கோப்பில் பத்து எண்கள்தான் இருக்கும், ஏனென்றால் நாம் பத்து அச்சுதான் கேட்டோம். அந்தப் பத்தின் கூட்டுத்தொகையால் வகுத்து "முதல் அச்சு 18 சதவீதத்தை விளக்குகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். மொத்த வேறுபாடு ஏறக்குறைய ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமம், எனவே அதனால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 480 பேர், முதல் எண் 4, பத்தின் கூட்டுத்தொகை 22 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4/22 என்றால் 18 சதவீதம், 4/480 என்றால் 0.8 சதவீதம். இரண்டாவதுதான் உண்மை. ஐரோப்பாவின் வரைபடத்தையே டிஎன்ஏவிலிருந்து வரைந்து காட்டிய 2008-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வில், 1387 பேர், முதல் அச்சு 0.30 சதவீதம், இரண்டாவது 0.15 சதவீதம்தான். படம் அவ்வளவு தெளிவாக இருந்தும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஒரு துளியைத்தான் அது காட்டுகிறது.

யாரை எத்தனை பேர் போட்டீர்கள்?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டு குழுக்கள் மட்டும் இருக்கின்றன, அவற்றின் இடையிலான மரபணு இடைவெளி d. ஒன்றில் n1 பேர், மற்றதில் n2 பேர். இந்தப் பிரிவு எவ்வளவு பலமாக ஒரு அச்சைப் பிடிக்கும் என்பது, d-இன் வர்க்கத்தை இதனால் பெருக்கிய அளவு:

```
n1*n2 / (n1+n2)
```

500 பேரும் 500 பேரும் என்றால் இது 250. அதே ஆயிரம் பேரில் 990 பேரும் 10 பேரும் என்றால் 9.9. இரு குழுக்களின் வரலாறு துளியும் மாறவில்லை, இடைவெளி அதேதான், ஆனால் அந்தப் பிரிவின் பலம் 25 மடங்கு குறைந்துவிட்டது. முன்பு முதல் அச்சில் இருந்தது இப்போது ஏழாவதுக்கோ எட்டாவதுக்கோ தள்ளப்படலாம், அல்லது இரைச்சலில் மூழ்கிப்போகலாம்.

மையமும் நகர்கிறது. பாதிப்பாதி என்றால் இரண்டும் மையத்திலிருந்து 0.5d தூரத்தில் நிற்கும். 990-க்கு 10 என்றால் பெரிய குழு மையத்திலிருந்து 0.01d தூரத்தில், கிட்டத்தட்ட மையத்திலேயே. சிறிய குழு 0.99d தூரத்தில். பார்ப்பவருக்குப் பெரிய குழு "சாதாரணமானது", சின்னது "விலகிப் போனது" என்று தோன்றும். யாரை அதிகம் சேகரித்தோமோ அவர்கள் மையமாகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கில் மெக்வீன் 2009-இல் இதைக் கணிதமாகவே நிறுவினார்: ஒருவர் படத்தில் விழும் இடம், அவருக்கும் மாதிரியில் உள்ள மற்றவர்களுக்கும் பொது மூதாதை சராசரியாக எவ்வளவு காலம் பின்னால் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எனவே அந்த மற்றவர்கள் மாறினால் இடமும் மாறும். நீங்களே சோதிக்கலாம். உலகப் படத்தில் கிழக்காசியர்கள் 504 பேரையும் வைத்து ஒருமுறை, பத்துப் பேரை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். தமிழர் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்றால், அந்த இடத்திலிருந்து கணக்கிட்ட சதவீதத்துக்கு என்ன பொருள்?

குஜராத்திகள் ஏன் பிரிந்து நிற்கிறார்கள்

தென்னாசியப் படத்துக்கு வருவோம். முதல் சில அச்சுகளில் ஒன்று பஞ்சாபியிலிருந்து தெற்கு நோக்கிப் போகும் சரிவைக் காட்டும். இன்னொன்றில் ஹூஸ்டன் குஜராத்திகளில் ஒரு பகுதியினர் மட்டும் நெருக்கமான கொத்தாக விலகி நிற்பார்கள், மீதிக் குஜராத்திகள் சரிவோடு கலந்திருப்பார்கள். குஜராத்திகளுக்குள் இருக்கும் இந்தப் பிரிவு நன்கு அறியப்பட்டது. ஹியூமன் ஆரிஜின்ஸ் என்ற தரவுத் தொகுப்பில் அவர்களை `GujaratiA` முதல் `GujaratiD` வரை நான்காகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

விலகி நிற்பதால் அவர்கள் வேறெங்கோ இருந்து வந்தவர்களா? அவசரப்படக் கூடாது. நீண்ட காலம் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஒரு சமூகத்தில் ஆலீல்களின் விகிதம் குருட்டாம்போக்கில் விலகிப் போகும், சில ஆலீல்கள் பெருகும், சில மறையும். வெளியிலிருந்து ஒருவர்கூட வராமலே இது நடக்கும். பிசிஏவுக்கு இந்த விலகலும் ஒன்றுதான், புதிய மூதாதை வந்து சேர்ந்ததும் ஒன்றுதான். தென்னிந்தியாவின் வைசியர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சிறிய எண்ணிக்கையிலான முன்னோர்களிலிருந்து கிளைத்து அகமணத்தில் நீடித்த சமூகம் அது, அதனாலேயே சக்சினைல்கோலின் என்ற மயக்க மருத்துவத் தசைத்தளர்த்தியை உடைக்கும் நொதியின் குறைபாடு அவர்களிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது, ஆனால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை இது சொல்லாது.

எப்படிப் பிரித்தறிவது? கொத்தில் உள்ளவர்களை அச்சு கட்டும் மாதிரியிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றவர்களை வைத்து மட்டும் பிசிஏ ஓட்டுங்கள், பிறகு கொத்தை அந்த அச்சுகளின் மேல் விழச் செய்யுங்கள். காரணம் அகமண விலகல் என்றால், அவர்கள் மற்றக் குஜராத்திகள் இருக்கும் சரிவின் பகுதியிலேயே போய் விழுவார்கள், தனி அச்சு காணாமல் போகும். கூடவே, கொத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் நீண்ட டிஎன்ஏ துண்டுகளைப் பொதுவாக வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் அந்த அச்சைச் சமூக வரலாறு என்று படிக்கலாம், புலப்பெயர்வு என்று படிக்கக் கூடாது.

உங்கள் தரவை அதன் மேல் வைப்பது

எச்சில் பரிசோதனை செய்தவர்கள் பலர் தங்கள் கோப்பை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். புதிய ஆளைச் சேர்த்து மறுபடி பிசிஏ ஓட்டுவதைவிட, அவர் கோப்பின் ஸ்னிப்களுக்கும் முன்பு போலவே பெயர் வைத்துவிட்டு, ஏற்கெனவே கட்டிய அச்சுகளின் மேல் அவரை விழச் செய்வது மேல்:

```
plink2 --pfile new --read-freq sas.acount \
  --score sas.eigenvec.allele 2 5 header-read \
  no-mean-imputation variance-standardize \
  --score-col-nums 6-15 --out new
```

இந்த எண்களின் அளவுகோல் `sas.eigenvec` கோப்பின் அளவுகோலிலிருந்து வேறுபடும். அதனால் பழைய ஆட்களையும் இதே கட்டளையால் விழச் செய்து, இரண்டையும் சேர்த்து வரையுங்கள்.

சுருக்கம் என்று ஒரு கோளாறு இங்கே காத்திருக்கிறது. அச்சைக் கட்டியபோது இருந்த ஒவ்வொருவரும் தங்கள் சொந்த இரைச்சலால் அச்சைக் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்திருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, எனவே அவர் தன் இனத்தாரைவிட மையத்துக்கு அருகில் விழுவார், பார்ப்பவர் "இவரிடம் கொஞ்சம் கலப்பு இருக்கிறது" என்பார். உங்கள் படத்தில் இது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இலங்கைத் தமிழர் 20 பேரைக் கட்டும்போதே ஒதுக்கிவையுங்கள், பிறகு அவர்களை விழச் செய்து மீதி 82 பேரோடு ஒப்பிடுங்கள். அந்த 20 பேரும் ஒரே திசையில், மையம் நோக்கி, நகர்ந்திருந்தால் அது சுருக்கம். ஸ்மார்ட்பிசிஏ நிரலில் `shrinkmode: YES` என்று கொடுத்தால் இது பெருமளவு சரியாகும். விடுபட்ட ஸ்னிப்களும் இதே போல மையத்துக்கு இழுக்கும், அதற்கு `lsqproject: YES`.

அப்புறம் தொழில்நுட்ப வேறுபாடு. உங்கள் கோப்பு சிப்பிலிருந்து வந்தது, ஆயிரம் ஜீனோம் தரவு வரிசையாக்கத்திலிருந்து வந்தது. A/T, C/G ஜோடி ஸ்னிப்களில் எந்த இழையைப் படித்தார்கள் என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது, தலைகீழாகச் சேர்த்துவிட்டால் ஆயிரக்கணக்கான பொய் வேறுபாடுகள் வந்து சேரும். இரண்டு தொகுப்புகளைச் சேர்ப்பதற்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள். சேர்த்த பிறகும் ஏதாவது ஒரு அச்சு ஊர் வாரியாகப் பிரியாமல் தொகுப்பு வாரியாகப் பிரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

சரி, தமிழர்கள் ஏன் நடுவில்?

இப்போது முதல் படத்துக்குத் திரும்பலாம். நடுவில் விழுவதற்குக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம். இரு முனையினரும் பிரிவதற்கு முன்பிருந்தே உள்ள பழைய தொடர்பும் காரணமாக இருக்கலாம். அந்தக் குழுவின் சொந்த வேறுபாடு வேறொரு அச்சில் ஒளிந்திருக்கலாம். மூன்றும் இரண்டு அச்சுப் படத்தில் ஒரே மாதிரித் தெரியும், படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது.

கலப்பு உண்டா என்று கேட்க எஃப்3 சோதனை இருக்கிறது. இலங்கைத் தமிழர்களை இலக்காகவும் ஐரோப்பியர், சீனர் இருவரையும் மூலமாகவும் வைத்து, விடை தெளிவாகப் பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் கலப்பு நடந்தது உறுதி. ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம்: கலந்தவர்கள் அந்த இரு மூலங்களோடு ஏதோ ஒரு அளவு உறவுடையவர்கள் என்றுதான் பொருள், ஐரோப்பியரும் சீனரும் இலங்கைக்கு வந்து கலந்தார்கள் என்றல்ல. விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தால் கலப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, கலப்புக்குப் பிறகான நீண்ட அகமணம் அந்தத் தடயத்தை மூடிவிடும்.

பழங்கால எலும்புகளின் டிஎன்ஏவையும் சேர்த்து 2019-இல் வகீஷ் நரசிம்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய தென்னாசியர் பெரும்பாலோரின் வம்சாவளி மூன்று ஓடைகளிலிருந்து வருகிறது: ஈரானியப் பகுதியின் பழைய மக்களோடு தொடர்புடைய, சிந்து சமவெளி சார்ந்த ஒன்று; பிற்பாடு யூரேசியப் புல்வெளியிலிருந்து வந்த ஒன்று; தென்னாசியாவிலேயே நெடுங்காலம் வாழ்ந்த பழைய வேட்டைச் சமூகங்களின் ஒன்று. முதல் இரண்டும் ஐரோப்பியர்களோடு ஓரளவு மூதாதையரைப் பகிர்ந்துகொள்வதால் புள்ளியை அந்தப் பக்கம் இழுக்கின்றன. மூன்றாவது, கிழக்காசியர்களின் கிளையோடும் அந்தமானின் ஓங்கே மக்களின் கிளையோடும் மிகத் தொலைவில், பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பொது வேரைக் கொண்டது. அந்த வேர்தான் புள்ளியைச் சீன முனைப் பக்கம் இழுக்கிறது. சீனாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

கலப்பில்லாத அந்த மூன்றாவது மக்கள் இன்று எங்கும் இல்லை. அவர்களுக்கு அருகில் என்று ஆய்வாளர்கள் வைக்கும் ஓங்கே மக்களும் தூரத்துச் சொந்தம்தான், அவர்களும் தீவில் தனித்திருந்து தங்கள் பங்குக்கு விலகிப் போனவர்கள். ஆயிரம் ஜீனோம் தரவின் 26 குழுக்களில் ஓங்கேயும் கிடையாது. ஆகவே தமிழர்களின் வம்சாவளியில் ஒரு பெரிய பங்கைக் கொடுத்தவர்களுக்கு அந்த உலகப் படத்தில் ஒரு முனை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அளவுகோல் வைத்து அளந்தவர், இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவில் அவர்களையும் சேர்த்துப் பங்குபோட்டுவிட்டார்.